கல்லில் எண் இருக்கிறது, பெயர் இல்லை: நவம்பர் 11 நினைவுக் கூட்டத்திற்கான உரை

வடாற்காட்டு வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறிய பேரூர். வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு இரண்டு மூன்று மிலிட்டரிக்காரர்கள் உண்டு. சந்தை மேட்டில் ஒரு பழைய சுவரில் வெள்ளைக் கல் ஒன்று பதிந்திருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் 277 பேர் சென்றதாகவும் 14 பேர் மாண்டதாகவும் சொல்லும் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானதாக இருக்கும். வேலூரையே கிராமம் என்று எழுதியவர்கள் எங்கள் ஊரை அப்படி எழுதியதில் வியப்பில்லை. எங்கள் கல்லின் எண்ணை இங்கே குறிப்பிட்டால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்கள் இந்த ஆண்டு நவம்பர் 11 அன்று காலையில் அந்தக் கல்லின் முன் கூட்டம் நடத்துகிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதால் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் எழுதிய தொடக்கம் இது:

"பாரதத் தாயின் மானம் காக்கக் களம் புகுந்து, பகைவரின் குண்டுகளை மார்பில் ஏந்தி, பாஸ்ரா மண்ணில் தம் இன்னுயிரை ஈந்த நம் ஊர் மாவீரர்களுக்கும், அவர்கள் வழியில் நின்று எல்லையைக் காத்து இன்று நம் முன் அமர்ந்திருக்கும் வீரத் திருமகன்களுக்கும் தலை தாழ்ந்த வணக்கம்."

பாஸ்ராவைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் என் பேரன் தேடி, எங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். சுரங்கப்படையில் சாப்பராக இருந்தவர். 1916 ஜூலையில் இறந்திருக்கிறார். பாஸ்ரா நினைவுச் சின்னம் என்று பதிவில் இருக்கிறது. தந்தை பெயரும் இருக்கிறது. உரையை எப்படிக் கொண்டு செல்லலாம் என்று சொல்லுங்கள்.

கரிசல்

வணக்கம் ஐயா. தொடக்கம் மிகவும் எழுச்சியாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். மற்றவர்களின் பெயர்களையும் சேர்க்க விரும்பினால் டெல்லியில் உள்ள இந்தியா கேட்டைப் பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்கள் அனைவரின் பெயரும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்களும் அங்கே கட்டாயம் இருப்பார்கள்.

ஆவணக்காப்பகன்

கரிசல் சொன்னதில் பாதி சரி. இந்தியா கேட் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆனால் அதில் செதுக்கப்பட்டுள்ள பெயர்கள் பதின்மூவாயிரத்துச் சொச்சம்தான். அவர்கள் பெரும்பாலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும் 1919ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் இறந்தவர்கள். மெசபடோமியாவில் இறந்த ஒரு வட ஆர்க்காட்டுச் சாப்பரை அங்கே தேடிப் பயனில்லை.

வாத்தியார் ஐயா, உங்கள் தொடக்க வாக்கியத்தில் மூன்று இடங்களில் தடுக்குகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, "பாஸ்ரா மண்ணில்" என்பது. பதிவில் உள்ளது நினைவுச் சின்னத்தின் பெயரே தவிர, அவர் இறந்த இடத்தின் பெயர் அல்ல. 1914 இலையுதிர் காலத்திலிருந்து 1921 ஆகஸ்டு வரை மெசபடோமியாவில் இறந்து, அறியப்பட்ட கல்லறை இல்லாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை மொத்தமாக அந்தச் சின்னத்தில் நினைவுகூர்கிறார்கள். உங்கள் சாப்பர் டைகிரிஸ் ஆற்றின் கரையில் பாஸ்ராவுக்கு வெகுதூரம் வடக்கே இருந்த ஒரு முகாமிலும் இறந்திருக்கலாம். "இன்றைய ஈராக் நாட்டில்" என்று சொன்னால் பிழை இராது. "உடல் கூடக் கிடைக்கவில்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள். இந்து வீரர்களை எரியூட்டும் வழக்கம் இருந்ததால் அவர்களுக்குக் கல்லறை என்ற ஒன்றே இல்லாமல் போயிருக்கலாம். உடல் தொலைந்தது என்று அதற்குப் பொருள் இல்லை.

இரண்டாவது, "பகைவரின் குண்டுகளை மார்பில் ஏந்தி" என்பது. அந்த இணையப் பதிவில் பெயர், பதவி, எண், படைப்பிரிவு, தேதி, சில பேருக்குத் தந்தை அல்லது மனைவியின் பெயரும் ஊரும் இருக்கும். எப்படி இறந்தார் என்பது இராது. 1916 கோடையில் மெசபடோமியாவில் காலராவும் வயிற்றுப்போக்கும் வெயில் தாக்கமும் சேர்ந்து படையை வாட்டின. மருத்துவ ஏற்பாடு அங்கே எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை 1917இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கையே ஒப்புக்கொண்டது. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரம் துருக்கியரிடம் வீழ்ந்த பிறகு அந்த ஜூலையில் ஆற்றுமுனையில் பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஆகவே நோயில் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் ஊகம்தான் என்பதால் மேடையில் அதையும் உறுதியாகச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, "பாரதத் தாயின் மானம் காக்க" என்பது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சபையில் யாராவது எழுந்து கேள்வி கேட்பார்கள். அவர் சேர்ந்தது ஆங்கிலேய மன்னரின் இந்தியப் படை. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்தால் அரை வயிற்றுக் கஞ்சிக்கும் வழியில்லாத வானம் பார்த்த பூமியில், மாதம் தவறாமல் வரும் அந்தப் பதினொரு ரூபாய்க்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னைச் சுரங்கப்படையில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த இளைஞர்களும் கணிசமாகச் சேர்ந்தார்கள். ஊரில் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டு நின்றான். அவன் எதற்காகப் போனான் என்பதை நூறாண்டு கழித்து நாம் அவன் வாயில் வைப்பதைவிட, எங்கே போனான், எந்த நாளில் இறந்தான் என்று மட்டும் சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம்.

கரிசல்

இந்தியா கேட் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். சம்பளத்துக்குப் போனார், நோயில் இறந்தார் என்று மேடையில் சொன்னால் அது அஞ்சலியா, அவமானமா? கேட்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

வாத்தியாரையாவுக்கு வணக்கம். நான் 24 ஆண்டு சேவை முடித்து வந்தவன். கரிசலுக்கு ஒன்று சொல்கிறேன். முன்வரிசையில் உட்காரப் போகும் நாங்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டோம். நானும் சம்பளத்துக்குத்தான் சேர்ந்தேன். அப்பா வாங்கிய கடனை அடைத்துத் தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு மற்றது வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் இல்லை என்ற நாள் வந்த பிறகு நான் சம்பளத்தைப் பற்றி நினைத்ததில்லை. எங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மறைத்துவிடுகிறார்கள், அதனால் இரண்டாவது பாதியும் பொய்யாகக் கேட்கிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நிகழ்ச்சி பத்தரைக்குத் தொடங்கினால் உங்கள் பேச்சு 10.57க்கு முடிந்தாக வேண்டும். 1918ஆம் ஆண்டு அந்த நாளில் பதினொரு மணிக்குப் போர் நின்றது என்பதால்தான் இந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள், அதைத் தவறவிட்டால் கூட்டத்திற்கே பொருளில்லை. வரவேற்புரை சொல்பவர் நீட்டுவார், கவுன்சிலர் தாமதமாக வருவார், அவருக்குச் சால்வை போடுவார்கள், கடைசியில் உங்கள் நேரத்தில்தான் கை வைப்பார்கள். ஆகவே ஏழு நிமிடத்திற்கு ஒரு பேச்சும், அதையே நான்கு நிமிடத்தில் முடிக்கும்படி எந்தப் பத்திகளை விடுவது என்ற குறியும் கையில் இருக்கட்டும். பிறகு பியூகிளில் லாஸ்ட் போஸ்ட், இரண்டு நிமிட மௌனம், அதன் பிறகு மௌனம் முடிந்தது என்று காட்டும் ரௌஸ். மௌனத்தில் யாரும் மைக்கைத் தொடக் கூடாது. மௌன அஞ்சலி செலுத்துவோம் என்று நடுவில் ஒருவர் மறுபடியும் அறிவித்ததை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

"எல்லையைக் காத்த" என்ற சொல்லையும் பாருங்கள். எங்களில் பாதிப்பேர் துப்பாக்கிப் பிரிவு இல்லை. சிக்னல்ஸ், சப்ளை கோர், ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி என்று போனவர்கள் அதிகம். பத்தொன்பது ஆண்டு லாரி ஓட்டியவரை எல்லைச்சாமி என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும்.

வீர மதராசி

உரையை "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கி முடியுங்கள். கூட்டம் அதிரும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தம்பி, அது மதராஸ் ரெஜிமெண்டின் போர்முழக்கம். வெலிங்டனில் பயிற்சி முடித்தவர்கள் சேர்ந்து நின்று எழுப்பினால் அழகு. பெங்களூர் சாப்பர்களும் மற்றவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், படையில் இல்லாத ஒருவர் அதை எழுப்பினால் பொருந்தாது. அதோடு அடுத்த நிமிடம் லாஸ்ட் போஸ்ட். அடி கொல்லு என்று கத்திவிட்டு எப்படி மௌனமாக நிற்பது?

செங்கம் செல்வி

இந்த இழையில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். என் மாமனார் 1971 போரில் இருந்தவர். அவருடைய ஓய்வூதிய ஆணையில் என் மாமியாரின் பெயர் தவறாக இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கு இதை எங்கே திருத்துவது?

ஆவணக்காப்பகன்

அம்மா, இது உரை பற்றிய இழை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மாமியாரின் ஆதாரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதுவார்கள்.

வாத்தியார் ஐயாவுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. முன்வரிசையில் அமரப் போகிறவர்களிடம் அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பிரிவு, தொழில், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். நினைவிலிருந்து சொல்லும்போது நாயக்காக ஓய்வு பெற்றவரை ஊரே ஹவில்தார் என்று அழைத்துப் பழகியிருக்கும், அவரும் மறுத்திருக்க மாட்டார். மேடையில் ஒருவருடைய பதவியை உயர்த்திச் சொன்னால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் உண்மையான ஹவில்தாருக்குத்தான் அது முதலில் உறைக்கும்.

வடாற்காட்டு வாத்தியார்

அனைவருக்கும் நன்றி. முப்பது ஆண்டு மேடைத் தமிழ் என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாட்களாகப் பேரனை உட்கார வைத்துத் தேடினேன். கல்லில் சொன்ன எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். என்ன செய்வது? கண்டுபிடித்தவர்களை மட்டும் வாசித்தால் விட்டுப்போனவர்களின் குடும்பம் யாராவது வந்து கேட்பார்களே.

ஆவணக்காப்பகன்

நம் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதால் பெயரை வைத்துத் தேடினால் தப்பிவிடும். முனுசாமி என்ற ஒரே பெயரை `Munisami` என்றும் `Muniswami` என்றும் `Moonisawmy` என்றும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, கூடுதல் தகவலுக்கான கட்டத்தில் `North Arcot` என்று போட்டு, வருகிற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். ஊர்ப் பெயரும் சிதைந்திருக்கும். உரக்கப் படித்துப் பார்த்தால்தான் நம் ஊர் என்று பிடிபடும். அப்படியும் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் பலருடைய பதிவில் ஊரே இல்லை. கல் வைத்தவர்கள் எந்தெந்தக் குக்கிராமத்தை உங்கள் ஊரோடு சேர்த்து எண்ணினார்கள் என்பதும் இன்று நமக்குத் தெரியாது.

குறைந்த இரண்டையும் குறையாகவே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட நமக்கு ஒன்றுமில்லை, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு. உங்கள் சாப்பரின் பதிவில் பாஸ்ரா சின்னத்தின் பலகை எண்ணும் இருக்கும். ஆனால் அந்தப் பலகைக்குப் போனால் அவர் பெயர் இராது. ஆங்கிலேய வீரர்கள் எல்லாப் பதவியினருக்கும் பெயர் செதுக்கியவர்கள், இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் செதுக்கி, மற்றவர்களைப் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையாகவே வைத்தார்கள். 2021 ஏப்ரலில் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு, 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. போதாததற்கு 1997இல் சதாம் உசேன் அரசு அந்தச் சின்னத்தையே பிரித்து, நாசிரியா சாலையில் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது. ஆக, உங்கள் சந்தை மேட்டிலும் எண், பாஸ்ராவிலும் எண். நவம்பர் 11 அன்று நீங்கள் அவருடைய பெயரையும் தந்தை பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வதுதான் பொதுவெளியில் அந்தப் பெயர் சொல்லப்படும் முதல் தடவையாக இருக்கக்கூடும். உரையின் நடுவில் இதை வையுங்கள், அடைமொழி எதுவும் வேண்டாம்.

அவருடைய தந்தை பெயரை வைத்து இன்றைய குடும்பத்தைத் தேடினீர்களா? ஊருக்குள் மட்டும் கேட்காமல் காலனியிலும் கேளுங்கள்.

வடாற்காட்டு வாத்தியார்

கேட்டேன் ஐயா. காலனியில்தான் கிடைத்தார்கள். கொள்ளுப் பேரனுடைய மகன் கொத்தனார் வேலை செய்கிறார். "பாக்தாத்துக்குப் போன தாத்தா" என்று ஒரு பேச்சு வீட்டில் இருந்ததாகவும், கல்லுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டென்று யாரும் தங்களுக்குச் சொன்னதில்லை என்றும் சொன்னார். அந்தக் கல்லின் மேல்தான் சந்தை நாளில் வெங்காய மூட்டையைச் சாய்த்து வைப்பார்கள், அவரும் சாய்த்திருக்கிறாராம்.

உரையில் அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இந்தக் கல்லில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குள் இருந்தவர்களில் ஒருவருடைய பெயரை இன்று சொல்ல முடிகிறது. அவர் சுரங்கப்படையில் சாப்பராக இருந்தார். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அந்தப் படையின் வேலை. 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் இன்றைய ஈராக் நாட்டில் இறந்தார். எப்படி இறந்தார் என்று எழுதி வைக்கவில்லை. அங்கே எழுப்பிய சின்னத்திலும் அவர் பெயரைச் செதுக்கவில்லை. அவருடைய வீட்டார் இன்று இங்கே வந்திருக்கிறார்கள்."

இதன் பிறகு பெயரையும் தந்தை பெயரையும் சொல்லி நிறுத்துகிறேன். இதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். முன்வரிசையில் இருப்பவர்களில் மூவர் 1987க்குப் பிறகு அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள். நான் முதலில் "ஈழத்தில் அமைதி காத்த" என்று எழுதியிருந்தேன்.

நாவலர் வீதி

ஐயா, நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்துக்கொண்டு வந்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டேன். 1987 அக்டோபர் 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் படையினர் புகுந்தார்கள். மறுநாள் வரைக்கும் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உங்கள் முன்வரிசையில் இருக்கும் மூவர் அதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை மதிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அமைதி காத்த" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். வேலூர்ப் பக்கத்தில் எங்கள் அகதி முகாம்களும் இருக்கின்றன, உங்கள் ஒலிபெருக்கி அவர்களுக்கும் கேட்கும்.

கரிசல்

அப்படியானால் அந்தப் போரை அடியோடு விட்டுவிடுவதே நல்லது. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதியே வரவேற்கப் போகவில்லை. நாம் ஏன் இப்போது அதைக் கிளற வேண்டும்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்

கரிசல், அப்போது எங்களை யாரும் வரவேற்கவில்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். ரயிலில் வரும்போது சீருடையை மாற்றிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். என்னுடைய சொந்த மொழி பேசுகிற ஊரில், வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே இருக்கும் கிழவி "ஐயா, பிள்ளையை ஒன்றும் செய்யாதே" என்று என்னுடைய தமிழிலேயே கெஞ்சினாள். பஞ்சாபிலிருந்து வந்த என் கூட்டாளிக்கு அது புரியவில்லை, எனக்குப் புரிந்தது. ஏறத்தாழ 1,200 பேர் எங்களில் திரும்பவில்லை. பரம வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று அங்கேதான் இறந்தார். கொழும்பில் எங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டு மேடையில் மட்டும் எங்களை ஒரு வரி தாண்டிப் போய்விடுவார்கள். 65, 71, கார்கில் என்று சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு இடைவெளி விடும்போது அந்த மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விட்டுவிடாதீர்கள் ஐயா.

நாவலர் வீதிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் நான் இல்லை, ஆனால் அந்த வாரம் அந்த ஊரில் இருந்தேன்.

நாவலர் வீதி

ஹவில்தார் ஐயா, எழுதியதற்கு நன்றி. எனக்கும் மேலதிகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆவணக்காப்பகன்

இருவரும் சொன்னதற்குப் பிறகு நான் யோசனை சொல்லக் கூசுகிறேன், ஆனாலும் உரை என்ற அளவில் ஒன்று. சாப்பருக்குச் செய்ததையே இவர்களுக்கும் செய்யலாம். எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று சொல்லிவிட்டு, எதற்காக என்ற சொல்லை மேடையிலிருந்து விலக்கிவிடலாம். "இந்திய அமைதி காக்கும் படை" என்பது அதிகாரப்பூர்வப் பெயர் என்பதால் அதைப் பெயராக மட்டும் பயன்படுத்துவதில் தவறில்லை. அமைதி காத்தார்கள் என்று வினையாக்கினால்தான் அது ஒரு தீர்ப்பாகிவிடுகிறது.

செங்கம் செல்வி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பதவியும் பிரிவும் சொல்கிறீர்கள், அவர்களுடைய மனைவிமாரை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள்? என் மாமியார் 1971 டிசம்பரில் கைக்குழந்தையோடு பதினேழு நாள் தந்திக்காரர் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர். இதுவரை எந்தக் கூட்டத்திலும் அவரை மேடைக்கு அருகில் கூட அழைத்ததில்லை. நீங்கள் தேடிய பதிவிலேயே சிலருக்கு மனைவி பெயர் இருப்பதாகச் சொன்னீர்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்ததை நீங்கள் விட்டுவிடக் கூடாது.

வடாற்காட்டு வாத்தியார்

அம்மா சொன்னது சரி. நாற்காலிகளை இரட்டையாகப் போடச் சொல்லிவிட்டேன். கணவரை இழந்த ஐந்து பேரும் முன்வரிசையிலேயே அமர்வார்கள். உரையில் தனிப் பத்தி வைக்க நேரம் இல்லை. வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருடனும் மனைவி பெயரையும் சேர்த்து வாசிக்கப் போகிறேன். அதில் நாற்பது நொடி கூடுகிறது. அதற்காகத் திருக்குறளை எடுத்துவிட்டேன், தமிழாசிரியனுக்கு அது எளிதாக இல்லை.

அமைதிப்படை பற்றி அந்த மூவரில் மூத்தவரிடமே நேற்று மாலை போய்க் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நான் எழுதிய பத்தியைப் படித்துக் காட்டினேன்:

"இங்கே அமர்ந்திருப்பவர்களில் மூவர் 1987க்கும் 1990க்கும் இடையில் இந்திய அமைதி காக்கும் படையில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பணியாற்றினார்கள். அவர்களுடன் சென்றவர்களில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. அந்த ஊர்களில் வாழ்ந்த நம் மொழி பேசும் மக்களிலும் பலர் அந்த ஆண்டுகளில் மாண்டார்கள். இருவரையும் நினைக்கிறோம்."

அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டார். அன்றைக்கு ஒரு நாளாவது எங்களுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாதா என்றார். எனக்கு விடை தெரியவில்லை. கூட்டத்திற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கரிசல்

அவர் கேட்டபடி எடுத்துவிடுங்கள். அது அவர்களுக்கான கூட்டம்.

நாவலர் வீதி

எடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் "அமைதி காத்த" என்பதைத் திரும்பச் சேர்க்காதவரை கோபம் வராது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

நான் என்றால் வைத்திருப்பேன். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது நான் இல்லை. இன்னொரு முறை போய்ப் பாருங்கள் ஐயா. இந்த முறை தாளைக் கொண்டுபோகாமல் போங்கள்.

பியூகிள் வாசிக்க ஆள் கிடைத்ததா? பள்ளி என்.சி.சி. பையன் என்றால் லாஸ்ட் போஸ்டையும் ரௌஸையும் இப்போதே தனித்தனியாகப் பழகச் சொல்லுங்கள். போன ஆண்டு பக்கத்து ஊரில் இரண்டுக்கும் ஒன்றையே வாசித்துவிட்டான். மௌனம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் ஐந்து நிமிடம் அட்டென்ஷனிலேயே நின்றோம்.